ஒதுக்கி வைத்த நான்கு

ஓர் ஏட்டின் பாதிப் பக்கத்துக்கு ஐந்து படங்கள். ஐந்தும் ஒரே படம் போலவே இருக்கும். அவற்றுள் எழுத்து மிகத் தெளிவாக விழுந்த ஒன்றை வைத்துக்கொண்டு, எஞ்சிய நான்கையும் ஒதுக்கிவிட வேண்டும். சொல்வதற்கு இவ்வளவுதான். மூன்று மாலைகளில் முடித்துவிட்டோம் என்று நாங்கள் நிம்மதியடைந்த அந்த வேலையில் ஒரு பிழை செய்திருந்தோம். அது பிழை என்று தெரிய ஓராண்டுக்கு மேல் ஆயிற்று. அந்த ஓராண்டுக்குள் மூல ஏடே இல்லாமல் போய்விட்டது.

தாமிரபரணிக் கரையில் ஒரு சிற்றூர். சித்த மருத்துவம் பார்த்து மறைந்த ஒருவரின் வீட்டில் ஓலைச்சுவடி ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டு, 2023 பிப்ரவரியில் நாங்கள் இருவர் சென்றோம். மருத்துவரின் மனைவியான ஆச்சி சுவடியைத் திண்ணைக்குக் கொண்டு வந்து கொடுத்துவிட்டு, ஒரே ஒரு நிபந்தனை விதித்தார்.

“ஏட்ட வீட்ட விட்டு வெளிய கொண்டு போகப்பிடாது தம்பி. இங்கன வச்சு என்ன வேணும்னாலும் எடுத்துக்கிடுங்க. சாயங்காலம் நான் வெளக்கு வைக்கதுக்குள்ள திரும்பக் கட்டி வச்சிரணும்.”

மொத்தம் நாற்பத்தாறு ஏடுகள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய நாற்பது சென்டிமீட்டர் நீளம், மூன்றரை சென்டிமீட்டர் அகலம். பக்கத்துக்கு ஆறு வரிகள். எழுத்தின் உயரம் மூன்று மில்லிமீட்டர் இருக்கலாம். முழு ஏட்டையும் ஒரே படத்தில் அடக்கினால் ஓர் எழுத்துக்குக் கிடைக்கும் புள்ளிகள் மிகக் குறைந்துவிடும். ஆகவே ஒவ்வொரு பக்கத்தையும் இடப்பாதி, வலப்பாதி என இரண்டாகப் பிரித்து எடுப்பதென்று முடிவு செய்தோம். நாற்பத்தாறு ஏடுகளுக்கு இரு பக்கங்கள், பக்கத்துக்கு இரு பாதிகள் என்றால் நூற்று எண்பத்து நான்கு பாதிகள்.

கேமராவை நிறுத்துவதற்கு முக்காலி கொண்டு போயிருந்தோம். பேருந்திலிருந்து இறங்கும்போது அதன் தலைப்பகுதித் திருகு கழன்று எங்கோ விழுந்துவிட்டது. வேறு வழியின்றிக் கையில் பிடித்தே எடுக்க நேர்ந்தது. திண்ணையில் நேர் வெயில் இல்லை. பக்கவாட்டிலிருந்து வரும் வெளிச்சம் மட்டும் இருந்தது. எழுத்தாணியின் கீறலுக்குள் நிழல் விழுவதற்கு அது மிகவும் உகந்த வெளிச்சம். ஆனால் போதுமான வெளிச்சம் இல்லை. ஐஎஸ்ஓவை 800க்கு மேல் ஏற்றினால் மணல் தூவியது போன்ற இரைச்சலில் மெல்லிய கீறல்கள் மறைந்தன. எனவே லென்ஸின் துளையை 5.6க்குத் திறந்து, ஷட்டர் வேகத்தை நொடியில் அறுபதில் ஒரு பங்காக வைத்துக்கொண்டோம். குனிந்து நின்று கையில் பிடித்து எடுப்பவருக்கு இந்த வேகம் போதாது. சில படங்கள் ஆடும்; சில தப்பும். எது தப்பும் என்று எடுக்கும்போது தெரியாது.

அதற்காகத்தான் தொடர்ச்சியாக ஐந்து. பொத்தானை அழுத்திப் பிடித்தால் கேமரா ஒரு நொடிச் சொச்சத்தில் ஐந்து படங்களைப் பதித்துவிடும். படக்காரர்கள் இதை பர்ஸ்ட் என்பார்கள். விரல் பொத்தானை அழுத்தும் அதிர்ச்சி முதல் படத்தில் விழும். விரலை எடுக்கும் அசைவு கடைசிப் படத்தில் விழும். நடுவில் உள்ள இரண்டு மூன்றில் ஒன்றாவது அசையாமல் அமையும் என்பது கணக்கு. எங்களில் ஒருவர் ஏட்டைத் திருப்பிவைக்க, மற்றவர் எடுத்தார். ஒவ்வோர் ஐந்துக்கும் முன்னால் ‘ஏடு 17, முன், இடம்’ என்று எழுதிய துண்டுச் சீட்டு ஒன்றையும் படமெடுத்துக்கொண்டோம். பிறகு கணினியில் பிரிக்கும்போது எந்த ஐந்து எங்கே தொடங்குகிறது என்ற குழப்பம் எழவேயில்லை. இந்தச் சீட்டைப் போல் உதவியது வேறொன்றுமில்லை. ஓரளவு ஒரே மாதிரி இருக்கும் ஏடுகளில், ஒரு தொகுதியின் கடைசிப் படம் அடுத்த தொகுதியின் முதல் படமாக எண்ணப்பட்டுவிட்டால், தெளிவானது என்று நினைத்து வேறொரு பக்கத்தையே தேர்ந்தெடுத்துவிடுவோம்.

காலை எட்டரைக்குத் தொடங்கி மூன்றரைக்கு முடித்தோம். வீடு திரும்பியபோது கையில் தொள்ளாயிரத்து இருபது ஏட்டுப் படங்களும் நூற்று எண்பத்து நான்கு சீட்டுப் படங்களும் இருந்தன.

தேர்வு செய்யும் வேலைக்கு இரண்டு கோப்புறைகள் அமைத்தோம். ஒன்று ‘பாடம்’, மற்றது ‘ஒதுக்கியவை’. கேமரா இட்ட கோப்பின் பெயரை மாற்றுவதில்லை என்பது முதல் விதி. படத்தைத் திரைக்கு ஏற்பச் சுருக்கிப் பார்த்துத் தீர்மானிப்பதில்லை என்பது இரண்டாம் விதி. சுருங்கிய படத்தில் எல்லாமே தெளிவாகத்தான் தெரியும். நூறு விழுக்காட்டு அளவில், அதாவது படத்தின் ஒரு புள்ளி திரையின் ஒரு புள்ளியாகத் தெரியும் அளவில் பார்த்தால்தான் கீறலின் விளிம்பு கூர்மையா, கரைந்ததா என்பது விளங்கும். ஐந்து படங்களிலும் ஒரே எழுத்தின் மேல் கண்ணை நிறுத்தி, ஒன்றன்பின் ஒன்றாகப் புரட்டிப் பார்த்தோம். பெரும்பாலும் நடு வரியில் நடுவிலிருந்த ஓர் எழுத்தையே இதற்குத் தெரிந்துகொண்டோம். எங்கள் பிழை பிறந்த இடம் அதுதான். அன்று அது தெரியவில்லை.

எங்கள் கல்லூரிக் கணிப்பொறித் துறை மாணவர் ஒருவர், வேலையைச் சுருக்க ஒரு சிறு நிரல் எழுதித் தந்தார். படத்தில் வெளிச்சமும் இருளும் எவ்வளவு சட்டென்று மாறுகின்றன என்று அளந்து மதிப்பெண் இடும் நிரல் அது. விளிம்புகள் கூர்மையாக இருந்தால் மதிப்பெண் கூடும், கரைந்திருந்தால் குறையும். முதல் இருபது தொகுதிகளை அதனிடம் கொடுத்துவிட்டு, நாங்களும் தனியே தேர்ந்தெடுத்து ஒப்பிட்டோம். ஆறு தொகுதிகளில் எங்கள் தேர்வும் அதன் தேர்வும் வேறுபட்டன. காரணத்தைத் தேடியபோது சிரிப்பு வந்தது. ஏட்டின் கீழே விரித்திருந்த கோரைப்பாய்தான் காரணம். கேமரா ஏட்டைவிடப் பாயின் மீது கூர்மையாகக் குவிந்துவிட்ட படங்களில் ஒவ்வொரு கோரையும் தனித்தனியே பளிச்சென்று விழுந்திருந்தது. எழுத்து எது, பாய் எது என்று நிரலுக்கு யாரும் சொல்லவில்லை. ஏட்டின் பகுதியை மட்டும் வெட்டிக்கொடுத்த பின் அது ஓரளவு சரியாகச் செய்தது. ஆனாலும் பூச்சி அரித்த துளைகளின் விளிம்புகளுக்கு அது எழுத்தைவிடக் கூடுதலாக மதிப்பெண் கொடுப்பதைக் கண்டு, இறுதித் தேர்வைக் கண்ணாலேயே செய்து முடித்தோம்.

இந்த மூன்று மாலைகளில் நாங்கள் கற்றுக்கொண்ட ஒரு வேறுபாட்டை இங்கே சற்று விரித்துச் சொல்ல வேண்டும். தெளிவில்லாத படங்கள் எல்லாம் ஒரே வகையானவை அல்ல. ஆடிய படம் ஒன்று. குவியம் பிசகிய படம் இன்னொன்று.

கேமரா ஆடிவிட்டால் படம் முழுவதும் ஒரே திசையில் இழுபடும். கேமரா பக்கவாட்டில் ஆடியிருந்தால் எழுத்தின் நெடுங்கோடுகள் இரட்டையாகத் தடித்துத் தெரியும்; கிடைக்கோடுகள் மட்டும் ஏறக்குறைய மெல்லியனவாகவே இருக்கும். நடுவில் பார்த்தாலும் ஓரத்தில் பார்த்தாலும் இதே நிலைதான். குவியம் பிசகிய படம் அப்படியில்லை. அங்கே எழுத்து எல்லாத் திசைகளிலும் சீராக, பஞ்சு ஒட்டியது போல் மங்கியிருக்கும். ஆனால் அதே படத்தில் வேறெங்கோ ஓரிடம் கூர்மையாக இருக்கும். கோரைப்பாயின் ஓர் இழையாகவோ, சுவடிக் கயிறாகவோ, மேலெழும்பிய ஏட்டின் நுனியாகவோ அது இருக்கலாம். குவியம் பிசகிய படத்தில் கூர்மை தொலைந்துபோவதில்லை, இடம் மாறியிருக்கிறது. இந்த வேறுபாட்டை எங்களால் கண்ணால் பிரித்தறிய முடிந்தது. அதன் பொருளை மட்டும் உணர்ந்துகொள்ளவில்லை. இரண்டையும் ஒரே கோப்புறையில் தள்ளினோம்.

அந்தக் கோடையில் எங்கள் மடிக்கணினியில் இடம் போதவில்லை. பாடத்தைத்தான் தேர்ந்தெடுத்தாயிற்றே, ஒதுக்கியவற்றை அழித்துவிடலாமே என்ற பேச்சு எழுந்தது. ஒதுக்கியவை மட்டும் ஆறு ஜிபிக்குச் சற்றுக் குறைவு. அழிக்கவில்லை. அதற்குத் தொலைநோக்கு எதுவும் காரணமன்று. புறவட்டு ஒன்று மேசையில் கிடந்தது. அதில் நகர்த்திவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டோம்.

2023 டிசம்பர் 17, 18 ஆம் நாள்களில் நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்களில் பெய்த பெருமழையும் தாமிரபரணியில் வந்த வெள்ளமும் எல்லாரும் அறிந்தவை. ஆச்சியின் வீட்டுப் பின்கட்டில் இடுப்பளவு நீர் நின்றது. சுவடி இருந்த மரப்பெட்டி இரண்டு நாள் நீருக்குள் கிடந்தது. வழி சீரான பின் நாங்கள் போய்ப் பார்த்தபோது ஏடுகள் ஒன்றோடொன்று ஒட்டி, சேறு புகுந்து, பூஞ்சை பூத்திருந்தன. பிரித்தெடுக்க முயன்ற இரண்டு ஏடுகள் கையோடு பிய்ந்து வந்தன.

ஆச்சி அழவில்லை. எங்களைப் பார்த்துக் கேட்டது ஒரு கேள்விதான்.

“படத்துல எல்லாம் இருக்குல்லா தம்பி?”

“இருக்கு ஆச்சி” என்றோம். எல்லாம் இருக்கிறதா என்பதை நாங்களே சரிபார்த்திருக்கவில்லை என்பது அப்போது எங்களுக்கு உறைக்கவில்லை.

2024 கோடை விடுமுறையில் படியெடுக்கத் தொடங்கினோம். சுவடியில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது, நெடிலும் குறிலும் பல இடங்களில் பிரியா என்பதெல்லாம் சுவடி பயின்றவர்களுக்குப் பழகிய இடர்ப்பாடுகள். செய்யுளாக இருந்தால் யாப்பு கை கொடுக்கும். எதுகையையும் சீரையும் பிடித்துக்கொண்டு ஐயத்தைத் தீர்த்துவிடலாம். இருபத்து மூன்றாம் ஏட்டின் பின்பக்கத்தில் இருந்ததோ செய்யுளன்று. ஒரு மருந்துக்கு வேண்டிய சரக்குகளின் பட்டியல். பெயரும் அளவும் மாறி மாறி வந்தன.

மூன்றாம் வரியின் இறுதியில், வலப்பாதிப் படத்தில், ‘சேராங்கொட்டை’ என்று தெளிவாக இருந்தது. அதன் எண்ணிக்கை நான்காம் வரியின் தொடக்கத்தில், இடப்பாதியின் விளிம்பில் இருந்தது. தமிழ் எண்களில் நான்கு சகரம் போல இருக்கும். ஆறு சுகரம் போல இருக்கும். இரண்டுக்கும் வேறுபாடு கீழே சுழித்து இறங்கும் ஒரு வால்தான். நாங்கள் ‘பாடம்’ என்று தேர்ந்தெடுத்து வைத்திருந்த படத்தில் நடு வரிகள் பளிங்கு போல் இருந்தன. அந்த விளிம்பு மட்டும் மங்கியிருந்தது. ஏடு பழையது, அதன் நுனி சுருண்டு ஏறக்குறைய ஒன்றரை சென்டிமீட்டர் மேலே எழும்பியிருந்தது. அழுத்திப் பிடித்தால் ஒடிந்துவிடும் என்று அப்படியே விட்டு எடுத்திருந்தோம். துளையை 5.6க்குத் திறந்து அவ்வளவு அருகிலிருந்து எடுக்கும்போது, கூர்மையாக விழும் பரப்பின் கனம் ஒரு சென்டிமீட்டர் அளவே இருக்கும். நடுப்பகுதி அந்தக் கனத்துக்குள் இருந்தது. நுனி அதற்கு வெளியே போய்விட்டது. ஓர் எழுத்து அங்கே இருக்கிறது, அது சகர வடிவினது என்பது வரை தெரிந்தது. வால் இருக்கிறதா என்பது தெரியவில்லை.

நான்கா, ஆறா? சேராங்கொட்டை சுத்தி செய்யாமல் தொட்டாலே தோலைப் புண்ணாக்கும் நச்சுத்தன்மை உடையது. அதன் அளவை ஊகித்து எழுதும் உரிமை பதிப்பிப்பவனுக்கு இல்லை. ஏட்டைத் திரும்பப் பார்க்கலாம் என்றால் ஏடு சேறாகிவிட்டது. ‘தெளிவில்லை’ என்று அடிக்குறிப்பு எழுதி நகர்ந்துவிட இருந்தோம்.

அப்போதுதான் புறவட்டின் நினைவு வந்தது. துண்டுச் சீட்டின் படம் DSC_0541. அதைத் தொடர்ந்து DSC_0542 முதல் DSC_0546 வரை ஐந்து படங்கள். 0543 தான் நாங்கள் தேர்ந்தெடுத்தது. மற்ற நான்கையும் இம்முறை நடுவைப் பாராமல், இட விளிம்பின் நான்காம் வரியை மட்டும் பார்த்துக்கொண்டே திறந்தோம். 0542 ஆடியிருந்தது, எழுத்து இரண்டு இரண்டாகத் தெரிந்தது. 0544, தேர்ந்தெடுத்ததன் இரட்டைப் பிள்ளை. அதே கூர்மை, அதே மங்கல். 0546இல் ஏட்டைத் திருப்ப நீண்ட கையின் நிழல் விழுந்திருந்தது. 0545 நாங்கள் முதல் பார்வையிலேயே தள்ளிய படம். அதன் நடு வரிகள் பஞ்சுப் பொதி போல் இருந்தன. ஆனால் இட விளிம்பில், சுருண்டு எழுந்த நுனியில், ஒவ்வொரு கீறலும் நகத்தால் தடவிப் பார்க்கலாம் போல் நின்றது. சகரத்தின் கீழே வால் இறங்கிச் சுழித்திருந்தது. ஆறு.

எப்படி நேர்ந்தது என்று யோசித்தால் விடை எளிது. ஐந்து படங்களுக்கும் கேமரா ஒருமுறைதான் குவியம் பிடிக்கும்படி வைத்திருந்தோம். எனவே லென்ஸிலிருந்து கூர்மை விழும் தொலைவு ஐந்துக்கும் ஒன்றே. அசைந்தது எடுத்தவரின் உடல். நான்காம் படத்தில் அடக்கியிருந்த மூச்சை விட்டு, ஒன்றிரண்டு சென்டிமீட்டர் நிமிர்ந்திருக்கிறார். கேமராவோடு கூர்மையின் தளமும் மேலே உயர்ந்து, எழும்பி நின்ற நுனியைத் தொட்டுவிட்டது. முக்காலி சரியாக இருந்திருந்தால் ஐந்து படங்களும் ஒன்றாகவே இருந்திருக்கும். ஐந்திலும் அந்த வால் மங்கியே இருந்திருக்கும்.

அதன் பிறகு நூற்று எண்பத்து நான்கு தொகுதிகளையும் முதலிலிருந்து திறந்தோம். இம்முறை ஒவ்வொன்றிலும் மூன்று இடங்களைப் பார்த்தோம்: நடு, இட ஓரம், வல ஓரம். நடுவுக்கு ஒன்றும் ஓரத்துக்கு வேறொன்றும் தேவைப்பட்ட இடங்களில் இரண்டையும் ‘பாடம்’ கோப்புறையில் வைத்தோம். முன்பு விடுபட்டிருந்த எழுத்துகளில் பதினொரு இடங்கள் ஒதுக்கியவற்றிலிருந்து மீண்டன. ஏழு இடங்கள் எதிலும் மீளவில்லை. அவற்றில் ஐந்து படங்களும் ஒரே தளத்தில் விழுந்திருந்தன; நுனி அதைவிட உயரத்தில் இருந்தது. அந்த ஏழும் இனி மீளா. பதிப்பில் அங்கே புள்ளிகள்தாம் நிற்கும்.

இரண்டு படங்களையும் ஒட்டி ஒரே படமாக்கிவிடலாமே என்று மாணவர் கேட்டார். கேமரா அசையாமல் நின்று குவியம் மட்டும் மாறியிருந்தால் அது நன்றாக அமையும். எங்கள் படங்களிலோ பார்வைக் கோணமே சிறிது மாறியிருந்தது. ஒட்டிப் பார்த்தபோது, சேரும் இடத்தில் ஓர் எழுத்துக்கு இல்லாத கால் ஒன்று முளைத்தது. அந்த முயற்சியைக் கைவிட்டோம். பல பிரதிகளை வைத்துப் பாடம் காணும்போது எந்தப் பாடம் எந்தப் பிரதியில் என்று குறிப்பதுபோல, ஐயமான எழுத்துக்கு அருகே கோப்பின் எண்ணைக் குறித்துவிடுவதே நேர்மையானது என்று தோன்றியது. இருபத்து மூன்றாம் ஏட்டின் குறிப்பில் இப்போது ‘சேராங்கொட்டை ௬’ என்பதை அடுத்து 0545 என்ற எண் இருக்கிறது.

ஒதுக்குவது எப்படி என்பதில் எங்கள் வழக்கமும் மாறிவிட்டது. இப்போது ஒதுக்கியவற்றுக்குள் இரண்டு கோப்புறைகள் வைக்கிறோம். ஆடிய படங்கள், நிழல் விழுந்த படங்கள் ஒன்றில். குவியம் இடம் மாறிய படங்கள் இன்னொன்றில். இடம் போதாமல் எதையேனும் அழிக்க நேர்ந்தால் முதல் கோப்புறையை அழிக்கலாம்; அதுவும் படியெடுப்பு முழுதும் முடிந்த பிறகு. இரண்டாவதை அழிப்பதில்லை.

சென்ற முறை ஊருக்குப் போனபோது ஆச்சியின் மகனிடம் ஒரு புறவட்டைக் கொடுத்துவிட்டு வந்தோம். நூற்று எண்பத்து நான்கைத் தேர்ந்தெடுத்துத்தானே கொடுக்கிறீர்கள் என்று அவர் கேட்டார். இல்லை, தொள்ளாயிரத்து இருபதும் இருக்கிறது என்றோம். ஆச்சி உள்ளிருந்து எட்டிப் பார்த்து, “எல்லாம் இருக்குல்லா?” என்றார், முன்பு கேட்ட அதே குரலில்.

ஏழு இடங்கள் இல்லை என்பதைச் சொன்னோம்.